கமலா தோல் எண்ணெயும் பத்துக் கோடுகளும்: கார்பன் என்.எம்.ஆர்., டெப்ட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சார், நிறமாலைத் தாள் கையில வந்ததும் முதல்ல எதைப் பார்க்கணும்?

தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு மூலக்கூறு வாய்பாட்டைப் பாருங்கள். எத்தனை கார்பன், எத்தனை ஹைட்ரஜன் என்று தெரியாமல் கோடுகளை எண்ணத் தொடங்கினால், வருகிற எண்ணிக்கை சரியா தப்பா என்று சொல்ல எதுவும் இருக்காது.

சேலத்தில் எம்.எஸ்சி. மாணவர்களுக்கு நான் ஒவ்வோர் ஆண்டும் ஒரே பொருளை வைத்துத்தான் இதைச் சொல்லிக்கொடுக்கிறேன். ஏற்காட்டு ஒண்டிக்கடைப் பக்கம் கமலா ஆரஞ்சு வாங்கி வருவோம். சுளை வகுப்புக்கு, தோல் ஆய்வகத்துக்கு. தோலைப் பொடியாக நறுக்கி நீராவியில் வடித்தால் தண்ணீர்மேல் மெல்லிய எண்ணெய் மிதக்கும். அதைப் பிரித்து, நீரற்ற சோடியம் சல்பேட் போட்டு ஈரம் எடுத்து, சுமார் 40 மில்லிகிராமை 0.6 மில்லிலிட்டர் CDCl3 கரைப்பானில் கரைத்து, எந்திரம் இருக்கும் ஊருக்கு அனுப்புவோம். சில நாளில் மின்னஞ்சலில் மூன்று கோப்புகள் வரும்: சாதாரண கார்பன் நிறமாலை, எந்தக் கார்பன்மேல் எத்தனை ஹைட்ரஜன் என்று பிரித்துக் காட்டும் டெப்ட்-90, டெப்ட்-135. கீழே உள்ள கேள்விகள் எல்லாம் அந்த மூன்று தாளைச் சுற்றி வந்தவைதான்.

அந்த எண்ணெயில் பெரும்பங்கு லிமோனீன். வாய்பாடு C10H16. ஆறு கார்பன் கொண்ட வளையம். அதில் ஓர் இரட்டைப் பிணைப்பு, அந்தப் பிணைப்பின் ஒரு முனையில் ஒரு மெத்தில். வளையத்தின் எதிர்முனையில் ஐசோபுரொப்பினைல், அதாவது இன்னொரு இரட்டைப் பிணைப்பும் இன்னொரு மெத்திலும் கொண்ட மூன்று கார்பன் கிளை. பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாளில் இதை வரைந்து வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

77 பக்கத்துல சம உயரத்துல மூணு கோடு நிக்குதே, அது எந்தக் கார்பன்?

உங்களுடையது இல்லை, கரைப்பானுடையது. CDCl3-இல் கார்பனோடு ஒட்டியிருப்பது டியூட்டீரியம். அதன் சுழல் எண் 1 என்பதால் கார்பன் கோடு 1:1:1 என்ற அளவில் மூன்றாகப் பிளக்கிறது. நடுக்கோடு 77.16 பி.பி.எம்.-இல் இருக்கும், கோடுகளுக்கு இடையே 32 ஹெர்ட்ஸ். எந்திரம் ஹைட்ரஜனோடான காந்த இணைப்பை மட்டும்தான் துண்டித்து வைக்கிறது, டியூட்டீரியத்தோடு இருப்பதை விட்டுவிடுகிறது. அதனால்தான் உங்கள் கார்பன்கள் எல்லாம் ஒற்றைக் கோடாக வரும்போது இது மட்டும் மூன்றாக நிற்கிறது.

இதை எண்ணிக்கையிலிருந்து கழித்துவிடுங்கள். டெப்ட் தாள்களில் இது தானாகவே மறைந்துவிடும், ஏனென்றால் அந்தக் கார்பன்மேல் ஹைட்ரஜனே இல்லை.

பத்துக் கார்பன்னா எப்பவும் பத்துக் கோடு வருமா?

வராது. ஒரே சூழலில் இருக்கும் கார்பன்கள் ஒரே கோட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். எந்திரம் எண்ணுவது கார்பன்களை இல்லை, வெவ்வேறு வகைக் கார்பன்களை.

கமலா எண்ணெயிலேயே இதற்கு நல்ல உதாரணங்கள் உண்டு. கமலா வகைப் பழங்களின் தோல் எண்ணெயில் லிமோனீனோடு காமா-டெர்பினீன் என்ற பொருளும் கலந்திருப்பது வழக்கம், அளவு வகைக்கு வகை மாறும். அதற்கும் வாய்பாடு C10H16-தான். காற்றுப் பட்டு அது ஹைட்ரஜனை இழந்தால் பாரா-சைமீன் ஆகும், C10H14. மூன்றிலும் பத்துக் கார்பன், மூன்றிலும் ஆறு கார்பன் வளையம், மூன்றிலும் ஒரு முனையில் மெத்தில், எதிர்முனையில் மூன்று கார்பன் கிளை. ஆனால் கோடுகள் முறையே 10, 9, 7.

பாரா-சைமீனை முதலில் பாருங்கள். பென்சீன் வளையத்தை மெத்தில் முனையிலிருந்து ஐசோபுரொப்பைல் முனை வரை ஒரு கோடு கிழித்துத் தாளை மடியுங்கள். இடப்பக்கத்து இரண்டு CH-உம் வலப்பக்கத்து இரண்டு CH-இன்மேல் அப்படியே படியும். ஆக வளையத்தின் ஆறு கார்பன் நான்கு வகையாகச் சுருங்குகிறது. ஐசோபுரொப்பைலில் இரண்டு மெத்திலும் ஒன்றே, அதனால் அந்தக் கிளைக்கு இரண்டு கோடு. வளைய மெத்திலுக்கு ஒன்று. நான்கும் இரண்டும் ஒன்றும் ஏழு.

காமா-டெர்பினீனை அதேபோல மடித்தால் வளையம் படியாது. ஒரு பக்கத்தில் இரட்டைப் பிணைப்பின் CH இருக்கும் இடத்துக்கு நேர் எதிரே CH2 இருக்கிறது. வளையத்தின் ஆறும் தனித்தனி. ஐசோபுரொப்பைலின் இரட்டை மெத்தில் மட்டும் ஒன்றாகிறது. அதனால் ஒன்பது.

லிமோனீனில் வளையமும் படியாது, கிளையும் படியாது. கிளையில் ஒரு பக்கம் CH2, மறுபக்கம் CH3. சுருங்க எதுவும் இல்லை, பத்தும் பத்துதான்.

இந்த மடிப்பு முறையில் ஒரு பொறி இருக்கிறது. ஐசோபுரொப்பைலைக் கண்டாலே "இரண்டு மெத்திலும் ஒன்று" என்று கை தானாக எழுதிவிடும். பக்கத்தில் கைரல் கார்பன், அதாவது நான்கு வெவ்வேறு தொகுதிகள் ஒட்டிய கார்பன், இருந்தால் அது தவறு. தலைவலித் தைலத்தில் இருக்கும் மெந்தாலை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஐசோபுரொப்பைலில் ஒரு மெத்தில் 21.0-இலும் இன்னொன்று 16.1-இலும் வரும். கிட்டத்தட்ட ஐந்து பி.பி.எம். இடைவெளி! அந்தக் கிளை எப்படிச் சுழன்றாலும் இரண்டு மெத்திலுக்கும் ஒரே சூழல் கிடைப்பதில்லை. காகிதத்தில் சமமாகத் தெரிவது மூலக்கூறில் சமம் இல்லை. ஆகவே மெந்தாலின் பத்துக் கார்பனுக்கும் பத்துக் கோடு.

நான் எத்தனை தடவை எண்ணினாலும் ஒன்பதுதான் வருது. ஒண்ணு எங்கே போச்சு?

எங்கும் போகவில்லை, 30 பக்கத்தில் ஒளிந்திருக்கிறது. லிமோனீனில் 30.8, 30.6 என்று இரண்டு கோடுகள் ஒட்டி நிற்கும். 400 மெகாஹெர்ட்ஸ் எந்திரத்தில் கார்பன் 100 மெகாஹெர்ட்ஸில் ஓடுவதால் அந்த 0.2 பி.பி.எம். என்பது 20 ஹெர்ட்ஸ். எந்திரத்துக்கு அது தாராளமான இடைவெளி. ஆனால் 220 பி.பி.எம். அகல நிறமாலையை 25 சென்டிமீட்டர் தாளில் அச்சடித்தால் அதே இடைவெளி கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. அச்சுப்பொறியின் மை இரண்டையும் ஒன்றாக்கிவிடும்.

அச்சுத்தாளை நம்பி எண்ணாதீர்கள். கோப்பைக் கணினியில் திறந்து 20 முதல் 45 வரையிலான பகுதியை மட்டும் விரித்துப் பாருங்கள். ஆய்வேட்டுக்கு அச்செடுக்கும்போதும் முழு நிறமாலையின் மேல் மூலையில் அந்தப் பகுதியைப் பெரிதாக்கி ஒட்டிவிடுவது நல்லது. வாய்மொழித் தேர்வில் வரும் முதல் கேள்விக்கு அங்கேயே பதில் இருக்கும்.

கோட்டோட உயரத்தை வெச்சு அதுல எத்தனை கார்பன்னு சொல்லலாமா? புரோட்டான்ல அப்படித்தானே செய்யறோம்?

சாதாரண கார்பன் நிறமாலையில் சொல்ல முடியாது. இரண்டு காரணம். ஹைட்ரஜனோடான காந்த இணைப்பைத் துண்டிக்க எந்திரம் ஹைட்ரஜன் அதிர்வெண்ணில் தொடர்ந்து கதிர் பாய்ச்சுகிறது. அதன் பக்க விளைவாக ஹைட்ரஜன் ஒட்டியிருக்கும் கார்பன்களின் சிக்னல் ஏறத்தாழ மூன்று மடங்கு வரை உயரும். ஹைட்ரஜன் இல்லாத குவாட்டர்னரி கார்பனுக்கு அந்த உதவி மிகக் குறைவு. இரண்டாவது, ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் கார்பன் பழைய நிலைக்குத் திரும்ப நேரம் வேண்டும். ஹைட்ரஜன் உள்ளவை சில விநாடிகளில் திரும்பிவிடும், குவாட்டர்னரி பல பத்து விநாடி எடுத்துக்கொள்ளும். நாம் இரண்டு விநாடிதான் காத்திருக்கிறோம். அதற்குள் அடுத்த துடிப்பு வந்துவிடும், பாவம் அது பாதி வழியில் மாட்டிக்கொள்ளும்.

அதனால்தான் உங்கள் தாளில் 149.7-உம் 133.2-உம் குட்டையாக நிற்கின்றன. அவற்றை இரைச்சல் என்று நினைத்து விட்டவர்கள் எட்டுக் கார்பனோடு என் மேசைக்கு வந்திருக்கிறார்கள். குட்டையாக இருப்பதே ஒரு தகவல்தான், "இங்கே குவாட்டர்னரி இருக்கலாம்" என்று அது சொல்கிறது. சந்தேகமாக இருந்தால் அடுத்த முறை காத்திருப்பு நேரத்தை ஐந்து விநாடியாக்கி, கூடுதல் முறை ஓட்டச் சொல்லுங்கள். இரைச்சலோடு ஒப்பிட்ட சிக்னல் இரட்டிப்பாக வேண்டுமென்றால் ஓட்டத்தை நான்கு மடங்காக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். 256-ஐ 512 ஆக்கிவிட்டு "பெருசா ஒண்ணும் மாறல சார்" என்பார்கள். மாறாதுதான்.

டெப்ட்-90, டெப்ட்-135 இரண்டும் உண்மையிலேயே என்ன செய்யுது? மனப்பாடமா தெரியும், ஏன்னு தெரியாது.

1982-இல் டாட்ரெல், பெக், பெண்டால் என்ற மூவர் வெளியிட்ட முறை இது. கார்பனை நேரடியாகத் தட்டி எழுப்பாமல், அதன்மேல் ஒட்டியிருக்கும் ஹைட்ரஜனைத் தட்டி எழுப்பி, அந்தக் காந்தத் தன்மையைக் கார்பனுக்குக் கடத்துவதுதான் இதன் அடிப்படை. கடத்த ஹைட்ரஜன் இல்லையென்றால் கார்பனுக்கு எதுவும் வந்து சேராது. ஆகவே டெப்ட் தாள்களில் குவாட்டர்னரி இருக்காது.

கடத்தல் முடியும் இடத்தில் ஹைட்ரஜன்மேல் ஒரு கடைசித் துடிப்பு விழும். அந்தத் துடிப்பின் கோணம்தான் 45, 90, 135 என்று பெயரில் வருவது. கோணத்தைப் பொறுத்துச் சிக்னலின் உயரம் இப்படி மாறும்:

```
CH  :  sin θ
CH2 :  2 sin θ cos θ
CH3 :  3 sin θ cos² θ
```

90 டிகிரியில் கொசைன் பூச்சியம். CH2, CH3 இரண்டும் பூச்சியமாகிவிட, CH மட்டும் 1 என்று நிற்கும். 135 டிகிரியில் கொசைன் எதிர்க்குறி. CH-இல் கொசைனே இல்லை, அதனால் 0.71 என்று மேலே நிற்கும். CH3-இல் கொசைன் இரண்டு முறை பெருக்கப்படுவதால் குறி மீண்டும் நேராகி 1.06. CH2-இல் ஒரே ஒரு கொசைன், ஆகவே −1, கீழே தொங்கும். மனப்பாடம் செய்த "CH, CH3 மேலே, CH2 கீழே" என்பது இந்த மூன்று வரியிலிருந்து வந்ததுதான்.

கடத்தலுக்கு எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பது கார்பன்–ஹைட்ரஜன் இணைப்பு மாறிலியைப் பொறுத்தது. ஒற்றைப் பிணைப்புக் கார்பனில் அது 125 ஹெர்ட்ஸ் அளவில், இரட்டைப் பிணைப்புக் கார்பனில் 160 அளவில். இரண்டுக்கும் நடுவே 145 என்று வைப்பது வழக்கம். புரூக்கர் எந்திரத்தில் இப்படிப் பார்த்திருப்பீர்கள்:

```
pulprog  dept135
cnst2    145
d1       2
ns       256
```

145-க்குரிய காத்திருப்பு 3.45 மில்லிவிநாடி. லிமோனீனுக்கு இது போதும். முனையில் ஹைட்ரஜன் உள்ள மும்மைப் பிணைப்பில் மாறிலி 250 வரை போகும். அங்கே இந்த அளவு பொருந்தாது, கோடு பாதிக்கும் கீழே குறைந்துவிடும்.

லிமோனீனை ஒரு தடவை முழுசாப் படிச்சுக் காட்டுங்களேன்.

சாதாரண நிறமாலையில், கரைப்பானைக் கழித்துவிட்டு, பத்துக் கோடு: 149.7, 133.2, 120.7, 108.4, 41.1, 30.8, 30.6, 27.9, 23.4, 20.8. செறிவைப் பொறுத்துக் கடைசி இலக்கம் சற்று முன்பின் இருக்கும், அதற்காகக் கவலைப்பட வேண்டாம். வாய்பாட்டில் பத்து, தாளிலும் பத்து. ஆகவே எந்த இரண்டு கார்பனும் சமம் இல்லை.

இப்போது டெப்ட்-90-ஐ அதன் கீழே, பி.பி.எம். அளவு நேருக்கு நேர் வரும்படி வையுங்கள். இரண்டே கோடு: 120.7, 41.1. இரண்டும் CH, அதாவது மெத்தைன். 120.7 இரட்டைப் பிணைப்புப் பகுதியில் இருப்பதால் வளையத்தின் இரட்டைப் பிணைப்பிலுள்ள CH. 41.1 ஒற்றைப் பிணைப்புப் பகுதி, ஆகவே கிளை தொங்கும் வளையக் கார்பன்.

டெப்ட்-135-ஐ வையுங்கள். மேலே நான்கு: 120.7, 41.1, 23.4, 20.8. முதல் இரண்டும் CH என்று ஏற்கெனவே தெரிந்துவிட்டது. மிச்சம் இரண்டும் மெத்தில். கீழே நான்கு: 108.4, 30.8, 30.6, 27.9. இவை CH2, மெத்திலீன். எந்த டெப்ட் தாளிலும் இல்லாதவை 149.7, 133.2. இரண்டும் குவாட்டர்னரி.

கீழே தொங்கும் 108.4-இல்தான் பலர் திகைப்பார்கள். மெத்திலீன் என்றால் 20 முதல் 50-க்குள் என்று பழகிய கண் அது. இரட்டைப் பிணைப்பின் முனையில் தொங்கும் CH2-உம் CH2-தான், டெப்ட்டுக்கு ஹைட்ரஜன் எண்ணிக்கை மட்டுமே கணக்கு. 108 அளவில் கீழ்நோக்கிய கோடும் அதற்கு இணையாக 150 அளவில் டெப்ட்டில் மறையும் கோடும் சேர்ந்து வந்தால், முனையில் CH2 உள்ள, மறுமுனையில் ஹைட்ரஜன் இல்லாத இரட்டைப் பிணைப்பு என்று எழுதலாம். காமா-டெர்பினீனில் இந்தச் சோடி கிடையாது. வாய்பாடு ஒன்றாக இருந்தும் இரண்டையும் ஒரே பார்வையில் பிரிப்பது இதுதான்.

கடைசியாக ஹைட்ரஜன் கணக்கு. மெத்தில் இரண்டு, 6. மெத்திலீன் நான்கு, 8. மெத்தைன் இரண்டு, 2. கூட்டினால் 16, வாய்பாட்டிலும் 16. இந்தக் கூட்டலைச் செய்யாமல் யாரும் விடையை என்னிடம் காட்டக் கூடாது என்பது எங்கள் ஆய்வகத்தின் ஒரே கட்டாயம்.

ஹைட்ரஜன் கூட்டல் ஒண்ணு குறையுதே, எங்கே தப்பு பண்ணினேன்?

தப்பாக இல்லாமலும் இருக்கலாம். டெப்ட் கார்பன்மேல் இருக்கும் ஹைட்ரஜனை மட்டும்தான் காட்டும். மெந்தால் C10H20O. அதில் மெத்தைன் நான்கு, மெத்திலீன் மூன்று, மெத்தில் மூன்று. 4, 6, 9 கூட்டினால் 19. குறைகிற ஒன்று ஆக்சிஜன்மேல் இருக்கிறது. அதற்குச் சாட்சியாக 71.5-இல் ஒரு CH கோடு நிற்கும், OH தாங்கிய கார்பன் அது. குறைவுக்கு இப்படி ஒரு சாட்சி கிடைத்தால் OH அல்லது NH. சாட்சி இல்லையென்றால்தான் உங்கள் எண்ணிக்கையில் பிழை.

டெப்ட்-135-ல எல்லாமே தலைகீழா இருக்கு. மெத்தில் கீழே தொங்குது!

எந்திரம் தானாகச் சிக்னலின் கட்டத்தைச் சரிசெய்யும்போது பெரும்பாலான கோடுகள் மேலே நிற்கும்படி திருப்பிவிடும். டெப்ட்-135-இல் அது தவறாகப் போகலாம். 180 டிகிரி திருப்புங்கள், சரியாகிவிடும். எந்தப் பக்கம் மேல் என்று முடிவு செய்ய, சந்தேகமே இல்லாத ஒரு கோட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். டெப்ட்-90-இல் வந்த 41.1 அதற்குப் பொருத்தம். அது CH என்பது உறுதி, ஆகவே 135-இல் அது மேலே நிற்க வேண்டும். சில ஆய்வகங்கள் வேண்டுமென்றே CH2 மேலே வரும்படி அச்சிடும். பிறர் தாளைப் படிக்கும்போது முதலில் இதைக் கேட்டுவிடுங்கள்.

டெப்ட்-90-ல ரெண்டுக்குப் பதிலா குட்டிக்குட்டியா இன்னும் சில கோடு இருக்கு. அதெல்லாம் CH-ஆ?

உயரத்தை ஒப்பிடுங்கள். கடைசித் துடிப்பு 90-க்குப் பதில் 85 டிகிரியாக விழுந்தது என்று வையுங்கள். மேலே உள்ள வாய்பாட்டில் போட்டால் CH2 0.17, CH3 0.02. ஆக, உண்மையான CH கோட்டில் ஆறில் ஒரு பங்கு உயரத்துக்கு CH2 கசியும், CH3 அநேகமாகத் தெரியாது. துடிப்பு 95 ஆக இருந்தால் அதே CH2 கீழ்நோக்கிக் கசியும். இணைப்பு மாறிலி 145-இலிருந்து விலகியிருந்தாலும் கொஞ்சம் கசிவு வரும்.

எனவே கசிந்த கோட்டை டெப்ட்-135-இல் தேடுங்கள். அங்கே கீழே தொங்கினால் அது CH2, முடிந்தது. அங்கேயும் மேலே இருந்தால் CH3 கசிவா உண்மையான CH-ஆ என்று உயரத்தை வைத்து முடிவெடுக்க வேண்டும். ஒரே பொருளின் CH கோடுகள் டெப்ட்-90-இல் ஒன்றுக்கொன்று ஏறக்குறைய சமமாக நிற்கும், பத்தில் ஒன்றாகக் குறையாது.

எங்க பேட்ச்ல பன்னிரண்டு கோடு வந்துச்சே, அது கடைசியில என்ன ஆச்சு?

அந்தக் கதையை முழுதாகச் சொல்கிறேன், நானும் அன்று அரை நாள் ஏமாந்தேன்.

வழக்கமான பத்தோடு 206.9-இல் ஒரு குட்டைக் கோடும், 30 பக்கத்தை விரித்தபோது 30.9-இல் ஒரு புதுக் கோடும் இருந்தன. 206.9 டெப்ட்டில் மறைந்தது. 30.9 டெப்ட்-135-இல் மேலே நின்றது, அதன் தோளிலேயே 30.8 கீழே தொங்கியது. மேலும் கீழுமாக ஒட்டிய அந்த இரட்டைக் கோட்டைப் பார்த்துவிட்டு மாணவர்கள் "கட்டம் சரியில்லை சார்" என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்து, கட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மற்ற கோடுகள் எல்லாம் நேராக இருக்க, அது மட்டும் மசியவில்லை.

பிறகு ஒரு மாணவி எல்லாவற்றையும் ஒரே பொருள் என்று வைத்துக் கணக்குப் போட்டாள். கார்பன் 12. ஹைட்ரஜன், லிமோனீனின் 16-உம் புது மெத்திலின் 3-உம் சேர்ந்து 19. 206.9 கீட்டோன் பகுதி, ஆகவே ஓர் ஆக்சிஜன். C12H19O. அவளே நிமிர்ந்து பார்த்தாள். கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் மட்டும் உள்ள நிலையான மூலக்கூறில் ஹைட்ரஜன் ஒற்றைப்படையில் வராது. பக்கத்தில் இருந்தவன் "ஒரு OH இருந்தா 20 ஆயிடுமே" என்றான். நல்ல கேள்வி. ஆனால் OH தாங்கிய கார்பன் பொதுவாக 50-க்கும் 80-க்கும் இடையே வரவேண்டும். அங்கே கரைப்பானைத் தவிர ஒன்றும் இல்லை. ஆக இது ஒரு பொருள் இல்லை, இரண்டு பொருள்.

ஒரு கீட்டோன் கார்பனும் ஒரே வகை மெத்திலும் மட்டும் உள்ள இரண்டாவது பொருள் எது? அசிட்டோன். CDCl3-இல் அதன் கோடுகள் 207-ஐ ஒட்டியும் 30.9-இலும்தான் வரும். அதன் இரண்டு மெத்திலும் சமம் என்பதால் அவற்றுக்கு ஒரே கோடு. குழாயை அசிட்டோனில் கழுவிவிட்டுச் சரியாக உலர்த்தாமல் எண்ணெயை ஊற்றியிருக்கிறோம். புரோட்டான் நிறமாலையைத் திறந்தோம், 2.17-இல் கூர்மையான ஒற்றைக் கோடு காத்துக்கொண்டிருந்தது.

இது வேறு எந்தக் கரைப்பானாக இருந்திருந்தாலும் உடனே பிடித்திருப்போம். அசிட்டோனின் மெத்தில் லிமோனீனின் மெத்திலீனுக்குப் பக்கத்திலேயே வந்து விழுந்ததுதான் தொல்லை. அச்சுத்தாளில் 30.9, 30.8, 30.6 மூன்றும் ஒரே தடித்த கோடு. டெப்ட்-135 இல்லாமல், 206.9-இன் குட்டைக் கோட்டையும் இரைச்சல் என்று தள்ளியிருந்தால், "தூய லிமோனீன்" என்று எழுதிக் கொடுத்திருப்போம்.

பழைய எண்ணெயை ஓட்டினா 57–60 பக்கத்துல புதுக் கோடு வருது. அதுவும் கழுவுற கரைப்பானா?

இல்லை, இது எண்ணெய் கெட்டதற்கு அடையாளம். லிமோனீன் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு மெதுவாகச் சேரும். வளையத்து இரட்டைப் பிணைப்பு எபாக்சைடாக மாறினால், அதுவரை 133-இலும் 120-இலும் இருந்த இரண்டு கார்பனும் 57–60 பகுதிக்கு இறங்கிவரும். ஒன்று டெப்ட்டில் மறையும், ஒன்று CH-ஆக நிற்கும். எபாக்சைடு சிஸ், டிரான்ஸ் என்று இரு வடிவில் உண்டாவதால் கோடுகள் சோடி சோடியாக வரலாம். புது எண்ணெயில் 41-க்கும் 108-க்கும் நடுவே கரைப்பானைத் தவிர வெறிச்சோடிக் கிடக்க வேண்டும். அந்த வெற்றிடத்தை முதலில் பார்த்தாலே எண்ணெயின் வயது தெரியும்.

சேலத்து மே மாத வெயிலில் பாதி காலியான குப்பியை மேசையில் வைத்தால் இதற்கு அதிக நாள் ஆகாது. குப்பியை வாய் வரை நிரப்பி, நைட்ரஜன் ஊதி, குளிர்பெட்டியில் வையுங்கள்.

இது வலக்கை லிமோனீனா இடக்கை லிமோனீனா?

கார்பன் என்.எம்.ஆர். சொல்லாது, டெப்ட்டும் சொல்லாது. சாதாரண CDCl3-இல் இரண்டின் நிறமாலையும் ஒன்றே. ஒளிச்சுழற்சிமானி வேண்டும். ஆரஞ்சு தோலில் வருவது பெரும்பாலும் வலஞ்சுழி வடிவம்.

30.8 வளையத்துல எந்த CH2, 30.6 எந்த CH2?

டெப்ட் அவற்றை CH2 என்று சொல்வதோடு நின்றுவிடும். மூன்று வளைய மெத்திலீன்களில் எது எங்கே என்று அறிய, எந்தக் கார்பனோடு எந்த ஹைட்ரஜன், அதற்குப் பக்கத்தில் யார் என்று காட்டும் இருபரிமாண நிறமாலைகள் தேவை. அதிலும் 30.8, 30.6 இவ்வளவு நெருக்கமாக இருப்பதால் கார்பன் அச்சில் நிறையப் புள்ளிகள் எடுத்து ஓட்டச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இரண்டும் ஒரே புள்ளியாகக் கலந்துவிடும். வெறும் டெப்ட் தாளை வைத்துக்கொண்டு இரண்டுக்கும் தனித்தனி எண் எழுதியிருந்தால், அதை அழித்துவிட்டு "30.8, 30.6: வளைய CH2, மாறியிருக்கலாம்" என்று எழுதிக் கொடுங்கள்.